ஏழாம் தேதிக்கு முந்தின வாரம்

நாட்காட்டி அச்சடிக்கிறவர்கள் சம்பளக்காரர்களைக் கேட்டு அச்சடிப்பதில்லை. அவர்கள் கணக்கில் மாதம் முப்பதோடு முடிந்துவிடுகிறது. அந்தச் சட்டைக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்கு மாதம் முடிவது ஏழாம் தேதி, ஏனென்றால் சம்பளம் அன்றைக்குத்தான். ஒன்றாம் தேதி பிறந்துவிட்டது என்று வீட்டுக்காரரும் பால்காரரும் கரண்ட் ஆபீசும் கை நீட்டும்போது இவர்கள் இன்னும் போன மாதத்திலேயே கிடப்பார்கள். இரண்டு மாதத்துக்கும் நடுவில் தொங்கும் அந்த ஒரு வாரத்தை ஒப்பேற்றுவதற்குத் தனிப் படிப்பே படிக்க வேண்டும். 'மாசம் ஒரு தொகை எடுத்து வைக்கக் கூடாதா?' என்று கேட்கிற மகராசர்களை அந்த வாரத்தில் ஒரு நாள் அங்கே குடிவைத்துப் பார்க்க வேண்டும்.

பட்டன் அக்கா அந்தப் படிப்பைப் பதினோரு வருடமாகப் படித்தவள். அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. சட்டையின் முன்பட்டியை எந்திரத்தின் நாக்குக்கு அடியில் தள்ளி, காலால் மிதித்து, டக்கென்று ஒரு பட்டன், நகர்த்தி மறுபடியும் டக்கென்று ஒன்று. இடம் கொஞ்சம் தப்பினால் ஊசி பட்டன் மேலேயே இறங்கும். பட்டன் தெறித்து முகத்தில் அடிக்கும். அவள் கன்னத்தில் அப்படி விழுந்த சின்னத் தழும்பு ஒன்று உண்டு. 'மச்சம் இருந்தா அதிர்ஷ்டம்னு சொல்வாங்க, எனக்கு மெஷினே மச்சம் வச்சுருக்கு' என்று சிரிப்பாள்.

எந்த பில் காத்திருக்கும், எது காத்திருக்காது என்பது அவளுக்கு அத்துப்படி. பால்காரர் முணுமுணுப்பார், ஆனால் பாலை நிறுத்த மாட்டார். மளிகைக் கடைக்காரர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். மூஞ்சிக்கு வட்டி கிடையாது. வீட்டுக்காரர் பத்தாம் தேதி வரைக்கும் வாய் திறக்க மாட்டார். கேஸ் தீர்ந்தால் இரண்டு நாள் ரொட்டியும் கடைத் தேநீரும். இப்படி ஒவ்வொருவரையும் அவரவர் பொறுமைக்குத் தகுந்தபடி வரிசையில் நிறுத்தி வைத்திருந்தாள். வரிசையில் நிற்காத ஒரே ஆள் கரண்ட் ஆபீஸ். கடைசித் தேதி போனால் குறுஞ்செய்தி வரும், அதற்குப் பிறகு ஆள் வருவான். அவனிடம் மூஞ்சியும் கிடையாது, முணுமுணுப்பும் கிடையாது. ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான்.

அந்த மாதம் அந்தக் குறுஞ்செய்தி செவ்வாய்க்கிழமை வந்தது. வியாழக்கிழமைக்குள் கட்டாவிட்டால் வெள்ளிக்கிழமை காலை இணைப்பு துண்டிக்கப்படும். ஏழாம் தேதி திங்கட்கிழமை.

வேறு வீடாக இருந்தால் மூன்று நாள் மெழுகுவத்தியில் ஓட்டிவிடலாம். அவள் வீட்டில் கரண்டுதான் அடுப்பு எரித்தது. அவள் கணவர் முன்பு கிடங்கில் மூட்டை தூக்கியவர். முதுகெலும்பில் ஜவ்வு விலகிய பிறகு ஒரு வருடம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். எழுந்து உட்கார்ந்ததும் அவருக்கு ஏதாவது வேலை பிடித்துத் தர வேண்டுமென்று அலைந்து, கடைசியில் தெருமுனையில் இருந்த பெரிய ஹோட்டலின் துணியை வீட்டிலேயே தேய்த்துத் தரும் வேலையை அக்காதான் வாங்கித் தந்தாள். மேஜை விரிப்பும் பரிமாறுகிறவர்கள் சட்டையும் வாரத்துக்கு ஒரு மூட்டை. புதன்கிழமை வரும், சனிக்கிழமை மத்தியானத்துக்குள் திரும்பிப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஹோட்டலில் ஏதாவது விசேஷம் இருக்கும். மூட்டை திரும்பிப் போனால்தான் கையில் காசு.

முன்னறையில் பாதியைத் தேய்க்கிற மேஜை அடைத்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு கையை மேஜையில் ஊன்றி, மற்றக் கையால் இஸ்திரிப் பெட்டியை ஓட்டுவார். முதலில் காலர், அப்புறம் தோள், கைப்பட்டி, கடைசியில் முதுகு. விரிப்பு என்றால் உதட்டில் தண்ணீர் வைத்து ஊதுகிற மாதிரி லேசாகத் தெளித்து, நாலாக மடித்து, மடிப்பு நூல் பிடித்த மாதிரி நிற்க வேண்டும். 'மனுசன் முதுகு கோணிடுச்சு, துணி முதுகாவது நேரா இருக்கட்டும்' என்று சொல்வார். சுவரைப் பார்த்துக் கிடந்தவர் இப்போது வேலை செய்துகொண்டே வாய்க்குள் ஏதோ பாடுகிறார். அந்தப் பாட்டு நின்றுவிடக் கூடாது. அக்காவுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"கரண்ட் பில்லு கட்டியாச்சா?" என்று செவ்வாய்க்கிழமை கேட்டார்.

"அதெல்லாம் பாத்துக்கறேன். நீங்க உங்க மூட்டையப் பாருங்க" என்றாள்.

பார்த்துக்கொள்ள அவளிடம் என்ன இருந்தது? பர்ஸில் பஸ்ஸுக்கு ஆகும் சில்லறை. கம்பெனியில் ஒரு வழி இருந்தது. பினிஷிங் பிரிவுப் பெண்கள் எல்லோரும் சம்பளத்தன்று ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு பொதுப் பணம் வைத்திருந்தார்கள். அது செக்கிங் மேஜையில் உட்காரும் பெரியம்மாவின் கையில் இருக்கும். எல்லோருக்கும் மூத்தவள், அதனால் பெரியம்மா. மாசக் கடைசியில் முடையானவள் கேட்டால் வட்டியில்லாக் கைமாற்று. ஆனால் அதற்குச் சட்டதிட்டம் உண்டு. ஒருத்திக்கு ஒரு மாதத்தில் ஒரே ஒரு தடவை. சாப்பாட்டு அறையில் நாலு பேர் பார்க்கக் கேட்க வேண்டும், நாலு பேர் பார்க்க வாங்க வேண்டும். சம்பளத்தன்று அதைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க வேண்டும். தனியாக ஒருத்தி இன்னொருத்தியிடம் வாங்கவே கூடாது. 'மறைச்சு வாங்குற பணந்தான் மண்டையில ஏறும்' என்பது பெரியம்மாவின் கொள்கை.

இந்தச் சட்டதிட்டத்தையெல்லாம் பெரியம்மாவோடு சேர்ந்து போட்டவளே பட்டன் அக்காதான். அவள்தான் போன மாதம் ஒருத்தி இரண்டாவது தடவை கேட்டபோது எல்லோர் முன்னாலும் 'ஊருக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா?' என்று கேட்டு உட்கார வைத்தவள். இந்த மாதம் அவள் தன் தடவையை ஏற்கெனவே வாங்கிவிட்டாள். கணவரின் முதுகுக்கு ஊசி போட. இப்போது எந்த வாயோடு போய் மறுபடியும் கேட்பாள்?

புதன்கிழமை காலையில் அவள் பார்வை நூல்காரி மேல் விழுந்தது. நூல்காரி புதிதாகச் சேர்ந்தவள், கைக்குழந்தைக்காரி. பட்டன் தைத்து வரும் சட்டைகளில் தொங்கும் நூலைக் குட்டிக் கத்திரியால் வெட்டுவது அவள் வேலை. அக்காவுக்கு அடுத்த இருக்கை. அவள் புருஷன் வெளியூரில் வண்டி ஓட்டுகிறவன், ஒன்றாம் தேதி வாடகைப் பணம் அனுப்பிவிடுவான். வாடகை வாங்குகிற வீட்டுக்காரர் ஊரில் இல்லை, எட்டாம் தேதிதான் வருகிறார் என்பதை நூல்காரி வாய் தவறி முந்தின நாள் சொல்லியிருந்தாள். பணம் ஆறு நாள் சும்மா கிடக்கிறது.

எந்திரச் சத்தத்துக்குள் குனிந்து அக்கா கேட்டாள். "ஒரு ஆயிரத்து எண்ணூறு இருக்குமா? ஏழாந்தேதி கையில வச்சுடறேன். யாருக்கும் தெரிய வேணாம், கண்ணு."

நூல்காரி ஒரு நொடி பெரியம்மா பக்கம் பார்த்தாள். "ஐயோ, உங்களுக்கு இல்லாததா அக்கா? மத்தியானம் எடுத்துத் தரட்டுமா?"

"வேணாம் வேணாம். வாசல் ஏ.டி.எம்.ல நின்னா எல்லாப் பொம்பளைங்க கண்ணும் நம்ம மேலதான். போன்ல போட்டு விட்டுடு. என் நம்பர் இருக்குல்ல?"

நூல்காரி மடியில் போனை வைத்து இரண்டு தட்டு தட்டினாள். "போட்டாச்சு அக்கா." ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கடன் வாங்குவது இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் உலகத்தில் யாரும் வெட்கப்பட்டே இருக்க மாட்டார்கள் என்று அக்காவுக்குத் தோன்றியது. அன்று சாயந்தரம் வரைக்கும் அவள் கால் எந்திரத்தை உற்சாகமாக மிதித்தது.

வேலை விட்டதும் எல்லோரும் போகட்டும் என்று கழிப்பறையில் நேரம் கடத்திவிட்டு, ஏ.டி.எம்.முக்குப் போனாள். அட்டையைச் செருகினாள். இருப்பு நாற்பத்து மூன்று. அட்டையைத் துடைத்து மறுபடியும் செருகினாள். மறுபடியும் அதே நாற்பத்து மூன்று. 'சில சமயம் மறுநாள்தான் ஏறும்' என்று யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. நம்பிக்கை வைக்க வேண்டுமென்று முடிவு செய்தவளுக்கு அது போதும். வீட்டுக்குப் போனாள். மேஜைக்கு அடியில் புது மூட்டை வந்து உட்கார்ந்திருந்தது. கணவர் விரிப்புகளைப் பிரித்து எண்ணிக்கொண்டிருந்தார்.

"இந்த வாரம் மூட்டை பெருசு. ஏதோ பெரிய விருந்தாம். நல்லபடியா முடிச்சுக் குடுத்தா அடுத்த மாசத்துல இருந்து வாரம் ரெண்டு மூட்டைன்னு மேனேஜர் சொன்னார்" என்றார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அக்கா சமையல் அறைக்குள் போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலையும் நாற்பத்து மூன்றுதான்.

"கண்ணு, அந்தப் பணம் வரலையே?"

"போயிடுச்சுன்னு காட்டுதே அக்கா. இங்க பாருங்க." நூல்காரி போனை நீட்டினாள். பச்சை நிறத்தில் ஒரு வட்டம், அக்காவின் சொந்தப் பெயர், அதற்குக் கீழே ஒரு வங்கியின் பெயர்.

அந்த வங்கியின் பெயரைப் பார்த்ததும் அக்காவின் கால் மிதியிலிருந்து தானாக எழுந்தது. அது சம்பளம் வருகிற வங்கி இல்லை. பழைய வங்கி.

பழைய கதை இதுதான். கணவர் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த காலத்தில் தவணையில் ஒரு வண்டி எடுத்தார்கள். தவணை மாதா மாதம் அக்காவின் கணக்கிலிருந்து தானாகப் போகும். முதுகு விழுந்த பிறகு கணக்கில் பணம் இல்லை. தவணை வந்து தட்டும், இல்லையென்று திரும்பும், திரும்பினதற்கு ஒரு அபராதம். வண்டியை நிதி நிறுவனத்து ஆட்கள் வந்து ஓட்டிக்கொண்டே போய்விட்டார்கள். வண்டி போயும் அபராதம் போகவில்லை. இதற்குள் கம்பெனி எல்லோருக்கும் வேறு வங்கியில் சம்பளக் கணக்கு திறந்து கொடுத்தது. அக்கா பழைய கணக்கைத் தலைமுழுகிவிட்டதாக நினைத்துக்கொண்டாள். சம்பளம் ஏறின செய்தி அவள் போனுக்குத்தான் வருகிறது. அதனால் போனில் போடுகிற பணமும் அதே கணக்குக்குத்தான் போகும் என்று நினைத்தாள். அவள் ஒரு நாளும் போனில் பணம் வாங்கினதில்லை. எப்போதோ உறவுக்காரப் பையன் ஒருவன் விளையாட்டாக அந்த வசதியை அமைத்துக் கொடுத்தபோது அவளிடம் இருந்தது பழைய கணக்குதான். நம்பர் இன்னும் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறது.

மத்தியானம் சாப்பிடாமல் வங்கிக்கு ஓடினாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே போனால் அரை நாள் சம்பளம் வெட்டு. அங்கே வரிசையே அரை மணி நேரம் நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா நல்ல மனிதராகத்தான் இருந்தார். கணினியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் கணினியைப் பார்த்தார்.

"நேத்து ஆயிரத்து எண்ணூறு வரவு இருக்கும்மா. அபராத பாக்கியில நேர் ஆயிடுச்சு."

"அது என் பணம் இல்லீங்க. இன்னொரு பொண்ணு வாடகைக்கு வச்சிருந்தது. தெரியாம இதுல விழுந்துருச்சு. எடுத்துக் குடுத்துடுங்க."

"நாங்க எடுக்கலம்மா, சிஸ்டம் தானா எடுத்துக்கும். பாக்கி இருக்கிற கணக்குல என்ன விழுந்தாலும் முதல்ல அதுக்குத்தான் போகும்."

"அப்ப இந்தக் கணக்க மூடிடுங்க. எனக்கு வேணாம்."

குமாஸ்தா குரலைத் தாழ்த்தினார். "மூடணும்னா மிச்ச பாக்கியக் கட்டணும். இன்னும் அறுநூத்துச் சொச்சம் இருக்கு."

பிச்சை எடுத்தானாம் பெருமாளு, அதைப் பிடுங்கித் தின்றானாம் அனுமாரு. அனுமாரிடமாவது சண்டை போடலாம். இங்கே யாரிடம் போடுவது? குமாஸ்தா எடுக்கவில்லை, வங்கி எடுக்கவில்லை, சிஸ்டம் எடுத்தது. சிஸ்டத்துக்கு வீடு வாசல் இருந்தால் அதன் வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வரலாம். அக்கா கண்ணாடி மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் நின்றவர் இருமினார். அவள் நகர்ந்தாள். தெருவில் நடக்கும்போது அழுகை வந்தது, அழுதாள். பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தது. ஒரு பைசா கையில் தொடாமலே ஆயிரத்து எண்ணூறு கடன்காரி ஆகியிருந்தாள்.

திரும்பி வந்தபோது சூப்பர்வைசர் கடிகாரத்தைக் காட்டினார். அரை நாள் போயிற்று.

வேறு என்ன வழி? நகை என்று சொல்ல ஒன்றும் இல்லை. சம்பள முன்பணம் மாதம் இருபதாம் தேதிக்குள் எழுதிக் கொடுத்தால்தான். தெருமுனைக் கடைக்காரனிடம் வட்டிக்கு வாங்கலாம். அவன் முதல் வார வட்டியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பான், அதற்கும் ஏதாவது ஒரு சாமான் கொண்டு வந்து வைக்கச் சொல்வான். வீட்டில் அடகு வைக்கத் தகுந்த ஒரே சாமான் இஸ்திரிப் பெட்டி. அதை வைத்துவிட்டுக் கரண்ட் கட்டி என்ன செய்வது? சிரிப்பு வந்தது அவளுக்கு. அந்தச் சிரிப்பைக் கேட்டு நூல்காரி பயந்துபோய்ப் பார்த்தாள்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? வேலை விடும் நேரத்தில் அக்கா செக்கிங் மேஜைக்குப் போய் நின்றாள். பெரியம்மா விளக்கு வெளிச்சத்தில் ஒரு காலரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். குறுஞ்செய்தி, நூல்காரி, போன், பழைய வங்கி. மற்றப் பெண்கள் பைகளை எடுத்துக்கொண்டு கிளம்பாமல் நின்றார்கள். போன மாதம் உட்கார வைக்கப்பட்டவளும் நின்றாள்.

பெரியம்மா காலரைக் கீழே வைத்தாள். "ஏன்டி, என்கிட்ட நேரா கேட்கறதுக்கு என்ன?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேட்கறது பெரியம்மா? சட்டம் பேசினவளே நான்தானே."

"சட்டம் என்னடி சட்டம். நாம போட்டது. வீட்டுல அடுப்பு அணையற மாதிரி இருந்தா நாலு பேரக் கேட்டு மாத்திட்டுப் போறோம்." பெரியம்மாவுக்குக் கோபத்தில் மூச்சு வாங்கியது. "நேத்து வரைக்கும் பணம் இருந்துச்சு. முழுசா இருந்துச்சு. இன்னைக்கு மத்தியானம்தான் எடுத்துக் குடுத்தேன். நீ பேங்குக்குப் போயிருந்தியே, அப்ப."

"யாருக்கு?"

பட்டன் துளை போடும் காஜா எந்திரத்தில் உட்காரும் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு மாமனார் ஆஸ்பத்திரியில். அவளிடம் திருப்பிக் கேட்க முடியுமா? அக்கா கேட்கவில்லை. பெரியம்மா தன் பர்ஸைத் திறந்து மேஜையில் கவிழ்த்தாள். மற்றவர்களும் ஆளுக்குக் கொஞ்சம் தேடினார்கள். மாசக் கடைசி வாரத்துப் பர்ஸுகள்தானே எல்லாம். யானைப் பசிக்குச் சோளப்பொரி. அக்கா சில்லறையைச் சேர்த்து அவரவர் பக்கமே தள்ளினாள். "பஸ்ஸுக்கு வச்சுக்குங்க."

நூல்காரி மட்டும் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தாள். கடைசியில் கேட்டுவிட்டாள். "அக்கா, ஏழாந்தேதி... தப்பாது இல்ல? எட்டாந்தேதி காலையில வீட்டுக்காரர் வந்துடுவாரு."

"தப்பாது கண்ணு" என்றாள் அக்கா. அந்தக் கேள்வியில் தப்பே இல்லை. அதனாலேயே அது நெஞ்சில் தைத்தது. பதினோரு வருடத்தில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது.

வீட்டில் அவரிடம் சொன்னாள். சொல்லாமல் முடியாது. அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டவில்லை.

"நாளைக்குக் காலையில எத்தனை மணிக்கு வருவான்?"

"பத்து, பத்தரை ஆகும்."

"அதுக்குள்ள முடிஞ்ச வரைக்கும் தேச்சுடலாம்" என்று பெட்டியை எடுத்தார். அக்கா தண்ணீர் தெளித்து மடித்துக் கொடுத்தாள். ஊன்றி நின்ற கை ஓய்ந்ததும் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடி தேய்க்க மேஜை உயரம் ஒத்துவரவில்லை. மறுபடியும் எழுந்தார். "போதுங்க, படுங்க" என்று அவள் பெட்டியைப் பிடுங்கித் தானே தேய்த்தாள். இரண்டு சட்டை காலரில் மடிப்பு விழுந்தது. அவர் படுத்தபடியே அதைப் பார்த்துவிட்டு, "அது வேணாம், அத வச்சுடு" என்றார்.

வெள்ளிக்கிழமை லைன்மேன் பத்து மணிக்கெல்லாம் வந்துவிட்டான். அக்கா விடுப்புப் போட்டிருந்தாள். அந்த நாளும் சம்பளத்தில் போகும்.

"அண்ணே, திங்கக்கிழமை சம்பளம். அன்னைக்கே கட்டிடுவேன். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் விட்டுடுங்கண்ணே. இந்த மூட்டைய மட்டும் முடிச்சுடறோம்."

லைன்மேன் உள்ளே எட்டிப் பார்த்தான். மேஜையையும் மூட்டையையும் ஆவி கிளப்புகிற பெட்டியையும் பார்த்தான். "யக்கா, நான் இத பார்க்கவே இல்லைன்னு வச்சுக்கறேன். வீட்டுக் கனெக்‌ஷன்ல தொழில் பண்றீங்கன்னு எழுதினா அதுக்கு வேற அபராதம். என் கையில குடுத்திருக்கிற பேரு பூராவும் மத்தியானத்துக்குள்ள கழட்டியாகணும். எனக்கு மேல ஒருத்தன் இருக்கான்." அவன் சொன்னதும் பொய்யில்லை. ஃபியூஸ் கழன்று வந்த சத்தம் பட்டன் எந்திரத்தின் சத்தம் மாதிரியே இருந்தது. மின்விசிறி இன்னும் கொஞ்ச நேரம் தன் வேகத்திலேயே சுற்றிவிட்டு நின்றது.

பெட்டியில் மிச்சமிருந்த சூட்டில் கணவர் இன்னும் ஒரு விரிப்பைத் தேய்த்தார். பாதியில் சூடு போய்விட்டது. பக்கத்து வீட்டில் கேட்டுப் பார்த்தாள். அந்த அம்மாள் தயங்கித் தயங்கி, "எங்க மீட்டரும் ஓடுமே" என்றாள். கேட்டதே தப்பு என்று அக்கா திரும்பி வந்தாள். மூட்டையில் பாதிக்கு மேல் சுருக்கத்தோடு கிடந்தது.

சனிக்கிழமை காலையில் அவரே மூட்டையைக் கொண்டுபோனார். அக்கா தூக்கி வருகிறேன் என்றதற்கு, "நான்தானே வாங்கினேன், நானே குடுத்துட்டு வரேன்" என்று ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டார். மேனேஜர் கத்தவில்லையாம். துணிகளைப் பிரித்துப் பார்த்தாராம். உடனே வேறு ஒரு ஆளுக்குப் போன் போட்டாராம். தேய்த்த துணிக்கு எண்ணிக் காசு கொடுத்தாராம். 'பெரியவரே, உடம்ப பாத்துக்குங்க, இனிமே சிரமப்பட வேணாம்' என்றாராம். அவர் மேல் தப்பு சொல்வதற்கில்லை. ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு மேஜை விரிப்பு சுருங்கியிருந்தால் அவர் வேலை போய்விடும்.

கணவர் கொண்டு வந்த காசு ரிக்‌ஷாக்காரனுக்குக் கொடுத்தது போக மேஜையில் இருந்தது. கரண்ட் பில்லில் பாதிகூட வராது. அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் படுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே கிடந்தார்.

திங்கட்கிழமை ஏழாம் தேதி. சாப்பாட்டு நேரத்தில் அக்கா ஏ.டி.எம்.மில் எல்லாப் பணத்தையும் எடுத்தாள். சாப்பாட்டு அறையில் டப்பாவைத் திறக்கும் முன்பு பெரியம்மாவிடம் பொதுப் பணத்தை வைத்தாள். எல்லோர் முன்னாலும் நூல்காரியின் கையில் ஆயிரத்து எண்ணூறை வைத்தாள். நூல்காரி எண்ணவில்லை. "எண்ணிக்கோ" என்றாள் அக்கா. எண்ணினாள். சாயந்தரம் கரண்ட் ஆபீஸ் பக்கத்துக் கடையில் பில்லும் தாமத அபராதமும் மறு இணைப்புக் கட்டணமும் கட்டினாள். வாடகையை எடுத்துத் தனியாக மடித்தாள். மிஞ்சியதைப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. இந்தத் தடவை மாசக் கடைசி வாரம் ஏழாம் தேதியே தொடங்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்தபோது வீட்டில் வெளிச்சம் இருந்தது. அதே லைன்மேன் வந்து மாட்டிவிட்டுப் போயிருந்தான். கணவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். மேஜை காலியாகக் கிடந்தது. அவள் முகம் கழுவிவிட்டு வரும்போது பெட்டியைச் செருகியிருந்தார். தண்ணீர் தொட்டுச் சூடு பார்த்தார், சுர்ரென்றது.

"வீட்டுல தேய்க்கிற மாதிரி துணி ஏதாவது இருந்தா குடேன்" என்றார்.

கரண்ட் ஏறும் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அலமாரியில் இருந்த எல்லாவற்றையும் எடுத்து வந்தாள். அவளுடைய கம்பெனி மேலங்கி, அவருடைய மூன்று சட்டை, போர்வை, இரண்டு தலையணை உறை, ஒரு பழைய திரைச்சீலை. அவர் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மேலங்கியில் ஆரம்பித்தார். முதலில் காலர், அப்புறம் தோள். அவ்வளவு மெதுவாக அவர் தேய்த்து அவள் பார்த்ததில்லை. பாட்டு வரவில்லை. நின்று கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்தாள்.

ஒரு சட்டையும் தலையணை உறைகளும் மிச்சமிருக்கும்போது அவர் பெட்டியை அணைத்துவிட்டார்.

"முதுகு வலிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றார் அவர். மிச்சத் துணியை மடித்து மேஜையின் ஓரத்தில் வைத்தார். "இது நாளைக்கு இருக்கட்டும். நாளைக்கும் ஏதாவது வேணும்ல."